மச்சான்ர கலியாண வரவேற்பில வாழ்த்துரை: தமிழும் இங்கிலீசும் கலந்து, பெரியாக்களுக்கு ஏற்ற பகிடியோட

கோண்டாவில்_தாரணி
வணக்கம். மாமின்ர மகனுக்கு வாற மாதம் கலியாணம். தாலிகட்டு காலமை, வரவேற்பு பின்னேரம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில ஒரு ஹோலில, 350 பேருக்கு. கேக் வெட்டினாப் பிறகு, சாப்பாட்டுக்கு முதல் எனக்கு அஞ்சு நிமிசம் தந்திருக்கினம். முன் மூண்டு வரிசையும் மாமா, மாமி, பெரியப்பா எண்டு வயசாக்கள். பொம்பிளை கொழும்பில வங்கியில வேலை, அவவோட வேலை செய்யிற சிங்களப் பிள்ளையள் ஒரு மேசை. கனடாவில வளந்த பிள்ளையள் ஒரு மேசை. அதாலதான் இங்கிலீசும் வேணும். எழுதினதை வாசிச்சுப் பாத்தா ஒன்பது நிமிசம் வருது.

சுருக்கமா என்ன இருக்கெண்டா:
முதல்ல பேர் சொல்லி வணக்கம், 14 பேர். பிறகு "சின்னனில இவரை எனக்கெண்டுதான் பேசினவை, நல்லகாலம் தப்பீட்டன்". பிறகு மச்சான் எதுக்கும் பிந்தித்தான் வருவார், பொன்னுருக்குக்கும் பிந்தினவர் எண்டு ஒரு பகிடி, அதையே இங்கிலீசிலயும். பிறகு போன வருசம் மோசம்போன அப்பம்மாவைப் பற்றி. பிறகு பதினாறும் பெற்று. கடைசியில எல்லாரும் கிளாசைத் தூக்கிறது.

எதை வெட்ட, எதை விட?

ரொறன்ரோ_தம்பி
அக்கா, இங்கிலீசில தொடங்குங்கோ. தமிழ் விளங்காத ஆக்கள் முதல் ரெண்டு நிமிசம் சும்மா இருந்தா போனை எடுத்திடுவினம். பேந்து ஒவ்வொரு வரியையும் ரெண்டு பாசையிலயும் சொல்லுங்கோ. ஏலாட்டி புரொஜெக்டரில மொழிபெயர்ப்பைப் போட்டு விடலாம். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்யினம்.

பாசையூர்_மகள்
கிளாஸ் தூக்கிறதெண்டா வைன் வேணுமே. எங்கட பக்கம் ஒராள் வாழ்த்துச் சொல்லி கிளாசைத் தூக்க எல்லாரும் எழும்புவினம், பிறகு மாப்பிளை நன்றி சொல்லுவார். 350 பேருக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊத்த எத்தினை போத்தல் வேணும் எண்டுதானே கேக்கிறீங்கள்? எங்கட தம்பின்ர கலியாணத்துக்கும் கணக்குப் பாக்கிறம், ஆரும் சொன்னா எனக்கும் உதவும்.

அறிவிப்பாளர்_ராசன்
பாசையூர் பிள்ளை, அவ கேட்டது கதைக்கிறதைப் பற்றி. உங்கட கணக்கு லேசு: 750 மில்லிலீற்றர் போத்தலில ஒராளுக்கு 50 எண்டா 15 கிளாஸ் வரும். 350 பேருக்கு 24 போத்தல். பிள்ளையளையும் குடிக்காத ஆக்களையும் கழிச்சா அதில பாதி காணும். சைவக் கலியாணத்தில அந்தப் பேச்சே வராது. கன ஹோலுகளில உள்ளுக்குக் கொண்டுபோகவும் விடாயினம்.

தாரணி, ஒன்பதை அஞ்சாக்க முதல் வெட்டு அந்த 14 பேர். பேர் சொல்லி வணக்கம் வைச்சா ஒண்டரை நிமிசம் போகும். அதாவது பரவாயில்லை, ஆனா பேர் விடுபட்ட பதினஞ்சாவது ஆள் ஒருத்தர் எப்பவும் இருப்பார், அவர் சாப்பிடாமல் வெளிக்கிட்டா அந்தக் கதை அடுத்த கலியாணம் மட்டும் ஓடும். "ரெண்டு வீட்டுப் பெரியாக்களுக்கும், தூரத்தில இருந்து வந்த எல்லாருக்கும் வணக்கம்" எண்டு சொல்லி நிப்பாட்டுங்கோ. அறிவிப்பாளர் ஏற்கெனவே பேரெல்லாம் வாசிச்சிருப்பார்.

அளவு: சிரிக்க விடுற நேரத்தையும் சேத்து, தமிழில 250 சொல், இங்கிலீசில 150 சொல். அதுக்கு மேல போனா அஞ்சு நிமிசத்துக்குள்ள முடியாது. வீட்டில வாசிக்கேக்க ஒருத்தரும் சிரிக்கிறேல்லை, அதால அங்க நாலு நிமிசத்தில முடியவேணும். சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு எண்டதையும் மறக்காதேங்கோ. முன் வரிசையில பாதிப்பேர் சீனி வருத்தக்காரர், மருந்து போட்டிட்டு இருப்பினம். எட்டு மணி தாண்டினா எந்தப் பகிடியும் எடுபடாது.

பாசை மாத்திறதில தம்பி சொன்னது பாதி சரி. தமிழ் விளங்காத ஆக்களை விட்டிட்டுப் போகக்கூடாது, அது உண்மை. ஆனா வரிக்கு வரி ரெண்டு பாசையில சொன்னா ஒவ்வொரு பகிடியும் ரெண்டாம் தரம் செத்துப்போகும். ரெண்டும் விளங்கின ஆக்கள்தான் ஹோலில கூட. அவை முதல்தரம் சிரிச்சிட்டு அடுத்ததுக்குப் பேசாமல் இருப்பினம். அந்த மௌனத்தைப் பாத்துப் பேசுற ஆள் பதறுவார். புரொஜெக்டரில எழுத்துப் போட்டா இன்னும் மோசம், நீங்கள் வாய் திறக்க முதல் சனம் கடைசி வரியை வாசிச்சு முடிச்சிடும். படம் போடலாம், எழுத்து வேண்டாம்.

தமிழில தொடங்கி, நடுவில ஒருக்கா இங்கிலீசுக்குப் போய், திரும்பத் தமிழில முடியுங்கோ. ரெண்டு தரத்துக்கு மேல மாத்தாதேங்கோ. இங்கிலீசுப் பகுதி தமிழின்ர மொழிபெயர்ப்பா இருக்கக்கூடாது, வேற விசயமா இருக்கவேணும். கொழும்பு மேசைக்குப் பொம்பிளையைத் தெரியும், மாப்பிளையைத் தெரியாது. அவைக்கு மாப்பிளை எப்படிப்பட்ட ஆள் எண்டு சொல்லுங்கோ. பெரியாக்களுக்கு மாப்பிளையைப் பிறந்ததில இருந்து தெரியும், அவைக்குப் பகிடி தமிழில.

சுன்னாகம்_ரீச்சர்
பிள்ளை, நேரத்தை விட முக்கியமான பிரச்சினை இரண்டு உங்கடை எழுத்தில இருக்கு.

முதலாவது அந்தப் பொன்னுருக்கு. பெரியவர்களுக்கு அது சுபநேரம் பார்த்துச் செய்யிற காரியம். மாப்பிள்ளை பிந்தினார் என்றால் முன் வரிசைக்குக் கேட்பது பகிடி இல்லை, "நேரம் தப்பிப்போச்சாம்" என்ற செய்தி. இதுவரை அது தெரியாமல் இருக்கிற பெண்வீட்டாருக்கு மைக்கில அறிவிக்கிறதாகப் போகும். பிந்துற பழக்கத்தைச் சொல்லலாம், ஆனால் ரியூசனுக்கோ பஸ்சுக்கோ பிந்தினதாக இருக்கட்டும். பொன்னுருக்கு, கன்னிக்கால், தாலிகட்டு, கூறை மாற்றுறது, இதில எதுவும் பகிடிக்குள்ள வரக்கூடாது.

இரண்டாவது "தப்பீட்டன்". மாமியின்ரை மகன் உங்களுக்கு முறை மச்சான். மச்சானை மச்சாள் நக்கலடிக்கிறது எங்கடை ஊரில காலகாலமாக இருக்கிற உரிமை, பெரியவர்கள் அதை எதிர்பார்ப்பினம். சித்தியின்ரை மகனாக இருந்தால் அவர் தம்பி முறை, அப்ப இந்தப் பகிடியே வராது. ஆனால் "நல்லகாலம் தப்பீட்டன்" என்றால், நீங்கள் வேண்டாம் என்று விட்ட ஆளை அந்தப் பிள்ளை கட்டியிருக்கிறா என்று அர்த்தம் வரும். மணவறையால இறங்கி ஆறு மணித்தியாலம் ஆன பெண்பிள்ளைக்கு முன்னால சொல்லுற வசனமா அது? நீங்கள் கலியாணம் கட்டினவவா?

கோண்டாவில்_தாரணி
ஓம் ரீச்சர், கட்டி ஆறு வருசம். மச்சானை விட நாலு வயசு மூப்பு.

வடமராட்சியான்
அதென்ன இவ்வளவு பயம். முறைப் பகிடி சொன்னாத்தான் கிழவன் கிழவியள் சிரிப்பினம். எங்கட பக்கம் மச்சாள்மார் மாப்பிளையை மணவறையிலயே விட மாட்டினம். "தப்பீட்டன்" எண்டதை அப்பிடியே வையுங்கோ. பொம்பிளை வீட்டுக்காரரும் தமிழாக்கள்தானே, விளங்கும்.

சுன்னாகம்_ரீச்சர்
வடமராட்சியான், மணவறைப் பக்கத்தில நின்று காதுக்குள்ள சொல்லுறது வேறை, 350 பேருக்கு மைக்கில சொல்லுறது வேறை. பக்கத்தில நின்று சொன்னால் முகத்தைப் பார்த்து நிறுத்தலாம். மைக்கில சொன்னால் வீடியோவில கிடக்கும், மாமி அதை வருசம் முழுக்கப் போட்டுப் பார்ப்பா. இன்னொன்று: அந்தப் பேச்சு சின்னப்பிள்ளைக் கதையாக மட்டும் இருந்ததா, இல்லைப் பெரியவர்கள் உண்மையாகச் சாதகம் பார்த்தவையா? சாதகம் வரைக்கும் போயிருந்தால் ஒரு சொல்லும் வேண்டாம், மாமாவுக்கும் உங்கடை அப்பாவுக்கும் இடையில பழைய கதை கிளம்பும்.

கோண்டாவில்_தாரணி
சாதகம் ஒண்டும் பாக்கேல்லை. அப்பம்மா மட்டும் சும்மா சொல்லுவா.

சுன்னாகம்_ரீச்சர்
அப்ப முறையைத் தொடலாம், ஆனால் தோக்கிற ஆள் நீங்களாக இருக்கவேணும். இப்படிப் பாருங்கோ:

"மச்சானைப் பகிடி பண்ணுற உரிமை இவ்வளவு நாளும் என்னட்டைத்தான் இருந்தது. இண்டைக்குக் காலமையோட அது பறிபோட்டுது. தங்கச்சி, இனி அது உங்கடை வேலை. ஏதும் முறைப்பாடு இருந்தால் என்னட்டைச் சொல்லுங்கோ, நான் மாமாவுக்குச் சொல்லுறன். மாமா மாமியைக் கேட்டுச் சொல்லுவார்."

கடைசி வசனத்தில மாமாமார் எல்லாரும் தலையைக் குனிஞ்சு சிரிப்பினம், மாமிமார் சத்தமாகச் சிரிப்பினம். ஒருத்தரும் குறையேல்லை. ஆனால் மாமாவிட்டை முன்கூட்டி ஒருக்காக் கேளுங்கோ. வீட்டில உண்மையாகவே மாமிதான் முடிவு எடுக்கிறவ, அதில மாமாவுக்கு மனத்தாங்கல் என்றால் இந்த வசனமும் வேண்டாம்.

"தங்கச்சி" என்று எழுதினதைக் கவனிச்சிருப்பீங்கள். மச்சானைக் கட்டினவ உங்களுக்குச் சகோதரி முறை. அவசரத்தில "மச்சாள்" என்று சொன்னால் முன் வரிசையில ஒரு பெரியம்மா கட்டாயம் முணுமுணுப்பா.

ரொறன்ரோ_தம்பி
இங்க நாங்கள் எல்லாரையும் அண்ணி எண்டுதான் சொல்லுறது. சரி, அப்ப அந்த பிந்துற பகிடியை எப்பிடி மாத்திறது? இங்கிலீசு மேசைக்கு ஒண்டும் விளங்காமல் எல்லாரும் சிரிச்சா அவைக்கு ஒருமாதிரி இருக்காதோ?

அறிவிப்பாளர்_ராசன்
அதுக்கு ஒரு வழி இருக்கு. பகிடியை மொழிபெயர்க்காமல், சிரிப்புக்குக் காரணம் ஆரெண்டு மட்டும் சொல்லுறது. தமிழில இப்படி:

"மச்சான் ரியூசனுக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போகேல்லை. சைக்கிளுக்குக் காத்துப் போட்டிட்டு இருந்ததெண்டு சொல்லுவார். மூண்டு வருசமா அந்தச் சைக்கிளுக்குக் காத்துத்தான் போட்டவர். இண்டைக்குக் காலமை ஐயர் வாறதுக்கு முன்னமே வந்து மணவறைக்குப் பக்கத்தில நிண்டவர். மாமியால இருபது வருசமா ஏலாததைத் தங்கச்சி ஒரு நாளில செய்து போட்டா."

சிரிப்பு முடிய, இங்கிலீசு மேசைப் பக்கம் திரும்பி ரெண்டே வரி. போனில தமிழ் எழுத்திலதான் அடிக்கிறன்: "டோன்ட் வொறி, தே ஆர் நொட் லாஃபிங் அற் யூ. தே ஆர் லாஃபிங் அற் ஹிம்." மாப்பிளையைக் கையால காட்டுங்கோ. அந்த மேசையும் சிரிக்கும், தமிழ் ஆக்களுக்கும் அது புதுப் பகிடி. அதிலயே இங்கிலீசுப் பகுதிக்குள்ள போயிடலாம்.

சுன்னாகம்_ரீச்சர்
ராசன், நல்லாக இருக்கு, ஆனால் கடைசி வரியைப் பாருங்கோ. "மாமியால ஏலாததைத் தங்கச்சி செய்து போட்டா." மாமியாரையும் மருமகளையும் முதல் நாளே தராசில வைக்கிறீங்கள். மாமி சிரிப்பா, ஆனால் மனதுக்குள்ள போகும். "எங்கள் எல்லாராலையும் ஏலாததை" என்று மாத்தினால் காணும். பகிடி அப்படியே நிக்கும்.

சமையல் பகிடியும் இதே காரணத்துக்காக வேண்டாம். அம்மாவின்ரை கறியா மனிசியின்ரை கறியா என்று எந்தப் பக்கம் சொன்னாலும் ஒராளுக்குக் குத்தும். சீதனம், வீடு, விசா, நிறம், உயரம், ஆர் ஆரைக் கண்டு பிடிச்சது, "அடுத்த வருசம் பேரப்பிள்ளை", இதுகளுக்குக் கிட்டவும் போகாதேங்கோ. பதினாறும் பெற்று என்பதை அறிவிப்பாளரும் சொல்லுவார், வாழ்த்துப்பா வாசிக்கிறவரும் சொல்லுவார். மூண்டாவது ஆளாக நீங்கள் வேண்டாம்.

அறிவிப்பாளர்_ராசன்
ஓம், அந்த வரியை மாத்திறது சரி.

இங்கிலீசுப் பகுதி ஒண்டரை நிமிசம். மாப்பிளையின்ர ஒரு குணம், அதுக்கு ஒரு சம்பவம், பொம்பிளைக்கு ஒரு நன்றி. அதில நக்கல் தேவையில்லை. பெரியாக்களுக்கு இங்கிலீசு விளங்காதெண்டு நினைச்சு அங்க கொஞ்சம் துணிஞ்ச பகிடி விடுறவை இருக்கினம். அதுதான் பெரிய பிழை. முன் வரிசையில இருக்கிற பழைய ஆக்களில கனபேருக்கு இங்கிலீசு தெரியும், எங்களை விட நல்லா விளங்கும். பேந்து பின்வரிசைப் பொடியள் சிரிக்கேக்க விளங்காத அம்மம்மா பக்கத்து ஆளைக் கேப்பா, அந்த ஆள் தமிழில சொல்லுவார். மொழிபெயர்ப்பில அது இன்னும் மோசமாக் கேக்கும்.

மைக்செற்_குமார்
நானும் ஒண்டு சொல்லவேணும். பகிடி நல்லா இருந்தாலும் கேக்காட்டி என்ன பிரயோசனம். பாட்டுக்காரருக்கும் அறிவிப்பாளருக்கும் போட்ட எக்கோவை அப்படியே விட்டிருப்பினம். எக்கோவில கடைசிச் சொல் இழுபடும், பகிடி இருக்கிறதே கடைசிச் சொல்லிலதான். மேடைக்கு ஏற முதல் மிக்சரில நிக்கிற பொடியனிட்டை "எக்கோவை முழுக்க எடுத்து விடும் தம்பி" எண்டு சொல்லுங்கோ.

மைக்கை நாடிக்கு நேர, வாயில இருந்து ரெண்டு மூண்டு விரல் தூரத்தில பிடியுங்கோ. தலைப்பக்க வலையைக் கையால பொத்தாதேங்கோ, கூவும். ஸ்பீக்கருக்கு முன்னால போனாலும் கூவும். அதால கொழும்பு மேசைப் பக்கம் திரும்பேக்க உடம்பை மட்டும் திருப்புங்கோ, இறங்கி நடந்து போகாதேங்கோ. தமிழில இருந்து இங்கிலீசுக்கு மாறேக்க எல்லாரும் தெரியாமலே கெதியாக் கதைப்பினம், மைக்கும் கீழ இறங்கிவிடும். அந்த இடத்தில தாளில ஒரு கோடு கீறி வையுங்கோ, கோட்டில ஒருக்கா மூச்சு விட்டிட்டு மைக்கைத் திரும்ப உயத்துங்கோ.

தாள் எண்டு சொல்லுறது காரணத்தோடதான். போனில வாசிச்சா நடுவில அழைப்பு வரும், இல்லாட்டித் திரை அணைஞ்சு போகும். மைக்குக்குக் கிட்டப் பிடிச்சா இரைச்சலும் வரலாம். தடிச்ச மட்டையில பெரிய எழுத்தில, ஒரு பக்கம் மட்டும்.

கோண்டாவில்_தாரணி
எல்லாருக்கும் நன்றி. அப்பம்மாவை என்ன செய்ய? அவவைச் சொல்லாமல் விட மனமில்லை. மச்சானை வளத்ததே அவதான்.

சுன்னாகம்_ரீச்சர்
விடாதேங்கோ. ஆனால் இடம் முக்கியம். பகிடிக்கு முதல் சொன்னால் பிறகு ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். பகிடிக்கு நடுவில சொன்னால் மரியாதைக் குறைவு. இங்கிலீசு முடிஞ்சு தமிழுக்குத் திரும்புற இடத்தில, ஒரே ஒரு வசனம்: "எங்கடை அப்பம்மா, மாப்பிள்ளைக்கு அம்மம்மா, அவவின்ரை ஆசியும் இந்த இரண்டு பேருக்கும் இருக்கு." "இருந்திருந்தால்" என்று தொடங்காதேங்கோ, அந்தச் சொல்லோடை மாமி அழத் தொடங்குவா. இப்படி ஒன்று சொல்லப்போறன் என்று மாமியிட்டை முதல் நாளே சொல்லி வையுங்கோ. அதுக்குப் பிறகு பகிடி இல்லை, நேரே வாழ்த்து.

வடமராட்சியான்
சுபகாரியத்தில மோசம்போன ஆக்களைப் பற்றிக் கதைக்கிறதே சரியில்லை எண்டு எங்கட வீட்டுப் பெரியாக்கள் சொல்லுவினம். படத்துக்கு விளக்குக் கொளுத்துறது வீட்டோட.

சுன்னாகம்_ரீச்சர்
சில வீடுகளில அப்படித்தான். அதுக்குத்தான் மாமியைக் கேட்கச் சொன்னது. அவ வேண்டாம் என்றால் வேண்டாம்.

ரொறன்ரோ_தம்பி
கிளாஸ் தூக்கிற விசயம் ஒருத்தரும் சொல்லேல்லையே. வைன் இல்லாட்டி நெக்டோவோ ஒரேஞ் பார்லியோ ஊத்திக் குடுக்கலாம்தானே. வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு அது இல்லாட்டி முடிஞ்ச மாதிரி இருக்காது.

அறிவிப்பாளர்_ராசன்
ஊத்திக் குடுக்க ஆக்கள் வேணும். 350 கிளாஸை நிரப்பிக் கொண்டுவந்து வைக்கக் கால் மணித்தியாலமாவது போகும். அதுக்குள்ள உங்கட பேச்சின்ர சூடு ஆறிப்போகும். தூக்கிறதெண்டா மேசையில முதலே வைச்சிருக்கவேணும், ஆனா பிள்ளையள் அதுக்கு முன்னமே குடிச்சு முடிச்சிடுங்கள். வயசாக்களுக்கு எழும்பி நிக்கவும் ஏலாது. நான் சொல்லுவன், "எல்லாரும் ஒருக்காக் கைதட்டி வாழ்த்துவம்" எண்டு முடியுங்கோ. ரெண்டு பாசைக்கும் கைதட்டு ஒண்டுதான்.

பாசையூர்_மகள்
கைதட்டு ஒவ்வொரு பேச்சுக்கும் தட்டுறதுதானே. கிளாஸ் தூக்கினா படத்துக்கும் வடிவா வரும். மேடையில இருக்கிற ஆக்களும் அந்த ரெண்டு மேசையும் மட்டும் தூக்கினா என்ன? அப்ப 40 கிளாஸ் காணும்.

வடமராட்சியான்
ரெண்டு மேசைக்கு மட்டும் குடுத்தா முன்வரிசை "எங்களுக்கு இல்லையோ" எண்டு கேக்கும். எங்கட ஆக்களைத் தெரியாதே.

கோண்டாவில்_தாரணி
கிளாஸ் கதையை மாமாவிட்டை விடுறன், அவர்தான் சாப்பாட்டுக்காரரோட கதைக்கிறவர். மிச்சத்தைத் திருப்பி எழுதி வாசிச்சன்: வணக்கம் ஒரு வரி, உரிமை பறிபோனது, சைக்கிள், இங்கிலீசு, அப்பம்மா, வாழ்த்து. நாலு நிமிசமும் பத்துச் செக்கனும். மாமாவைக் கேட்டனான், "மாமியைக் கேட்டுச் சொல்லுறன்" எண்டார்.

மைக்செற்_குமார்
பத்துச் செக்கனையும் வெட்டுங்கோ. ஹோலில ஜெனரேற்றர் இருக்கோ எண்டும் ஒருக்காக் கேட்டு வையுங்கோ. கறண்ட் போய் மாறுற இடைவெளியில மைக் செத்திடும். அப்ப கத்திக் கதைக்காமல் சிரிச்சுக்கொண்டு நில்லுங்கோ, வந்த பிறகு விட்ட வசனத்தை முதல்ல இருந்து சொல்லுங்கோ.